டெக்னிக்கல் ரவுண்டு முடிந்து இரண்டு வாரம், பதில் இல்லை: நிலவரம் கேட்டு மெயில் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாக இன்டர்வியூ பேனலில் உட்காருகிறேன். அதற்கு முன்பு பதிலுக்காக மெயிலைத் திறந்து திறந்து பார்த்தவன்தான் நானும். தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒரு வேலையில் இருந்துகொண்டே அடுத்த வேலை தேடுகிறவர்களை நினைத்து எழுதியது இது. கேம்பஸ் தேர்வுக்கு இது பொருந்தாது. அங்கே கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலகம் வழியாகத்தான் எதையும் கேட்க வேண்டும்.

ரெண்டு வாரம் ஆச்சு, ஒரு தகவலும் இல்லை. செலக்ட் ஆகவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படியும் இருக்கலாம். ஆனால் மௌனத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. நான் உள்ளிருந்து பார்த்த வரை, இந்த இரண்டு வாரம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில்தான் சிக்கிக்கொள்கிறது.

முதல் இடம், பேனல். உங்களை இன்டர்வியூ எடுத்த ஒவ்வொருவரும் தன் மதிப்பீட்டை நிறுவனத்தின் ஆள்சேர்ப்பு மென்பொருளில் எழுதிப் பதிய வேண்டும். எல்லோருடையதும் வந்த பிறகுதான் ரெக்ரூட்டர் அவர்களைக் கூட்டி முடிவு கேட்பார். இன்டர்வியூ எடுப்பது எங்களுக்கு முக்கிய வேலை கிடையாது. அது அன்றாட வேலைக்கு நடுவில் செருகப்பட்ட ஒரு மணி நேரம். ரிலீஸ் இருக்கும் வாரத்திலோ, பேனலில் ஒருவர் லீவில் போனாலோ, அந்த ஒரு பக்க ஃபீட்பேக் எழுதப்படாமலே கிடக்கும். அந்தத் தாமதத்துக்கு நானே காரணமாக இருந்திருக்கிறேன். ஒருமுறை ஒன்பது நாள். அந்தப் பையன் நன்றாகவே செய்திருந்தான். நான்தான் எழுதவில்லை.

இரண்டாவது இடம், வரிசை. உங்களைப் பிடித்திருக்கிறது, ஆனால் இன்னொருவரை இன்னும் கொஞ்சம் பிடித்துவிட்டது. அவருக்கு ஆஃபர் போயிருக்கிறது, அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நம் ஊரில் 60, 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணம். அந்த இடைவெளியில் வேறு ஆஃபர் வாங்கிக்கொண்டு கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களும் உண்டு. அதனால் எந்த ரெக்ரூட்டரும் இரண்டாவது ஆளை அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டார். ‘நீங்கள் இரண்டாவது’ என்றும் சொல்ல முடியாது. ஆகவே ஒன்றும் சொல்லமாட்டார்.

மூன்றாவது இடம், அந்த வேலையே. பட்ஜெட் அப்ரூவல் திரும்ப வந்திருக்கலாம், மேனேஜர் மாறியிருக்கலாம், புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தி வைத்திருக்கலாம். நிதியாண்டு முடியும் மார்ச்சிலும், வெளிநாட்டுத் தலைமையகம் பாதி உறங்கும் டிசம்பரிலும் இதை அதிகம் பார்க்கலாம்.

அப்படியென்றால் மெயில் போட்டு என்ன பிரயோசனம்? முடிவு மாறப்போவதில்லையே.

முடிவு மாறாது. மாட்டிக்கொண்டிருப்பது நகரலாம்.

முதல் வகைத் தாமதத்தில் உங்கள் மெயில் நிஜமாகவே வேலை செய்யும். எப்படி என்று சொல்கிறேன். ரெக்ரூட்டர் என்னிடம் இரண்டு முறை ஃபீட்பேக் கேட்டிருப்பார், நானும் ‘இன்னைக்கு போட்டுடறேன்’ என்று சொல்லியிருப்பேன். மூன்றாவது முறை அவர் சொந்த வார்த்தையில் கேட்கமாட்டார். உங்கள் மெயிலை எனக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்து, மேலே ‘கேண்டிடேட் கேட்கிறார், ப்ளீஸ்’ என்று ஒரு வரி போடுவார். காத்திருக்கும் ஆளின் பெயரைக் கண்ணால் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகும். உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவேன்.

இரண்டாவது வகையில் ஒரு ஜாடை கிடைக்கும். மூன்றாவது வகையில் ஒன்றும் கிடைக்காது. ‘ஹோல்டில் இருக்கிறது’ என்ற சொல் கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம்.

ஆக, உங்கள் மெயிலை ரெக்ரூட்டர் மட்டும் படிப்பதில்லை. அது உள்ளே இன்னொருவர் கைக்குப் போகும் கடிதம். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

ரெண்டு வாரம் என்பது சரியான கணக்கா? இன்னும் கொஞ்சம் பொறுக்கணுமா?

அவர்கள் ஒரு நாள் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ‘ஒரு வாரத்தில் சொல்கிறோம்’ என்று சொல்லியிருந்தால் அந்த வாரம் முடிந்து இரண்டு வேலை நாள் விட்டுக் கேட்கலாம், இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதே இல்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றால் பத்து வேலை நாள் என்பது நியாயமான அளவு. சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி, இதையெல்லாம் கழித்துவிட்டு எண்ணுங்கள். பேனலில் அமெரிக்காவில் இருப்பவர் இருந்தால் அந்த ஊர் விடுமுறையையும் கழியுங்கள். நவம்பர் நான்காவது வியாழக்கிழமையை ஒட்டிய வாரத்தில் அங்கிருந்து பதில் எதிர்பார்ப்பது வீண்.

திங்கள் காலையும் வெள்ளி மாலையும் அனுப்பாதீர்கள் என்று சொல்வார்கள். அது ஓரளவு உண்மைதான், ஆனால் அதற்காக மூன்று நாள் தள்ளிப்போடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. இரவு ஒரு மணிக்கு எழுதினால் மட்டும், ஜிமெயிலில் உள்ள `Schedule send` போட்டு மறுநாள் காலை பத்து மணிக்குப் போகும்படி வையுங்கள்.

யாருக்கு அனுப்புவது? காலண்டர் இன்வைட்டில் இன்டர்வியூ எடுத்தவரின் மெயில் ஐ.டி. இருக்கிறது. அவருக்கே போடலாமா?

வேண்டாம். ரிசல்ட்டைக் கேண்டிடேட்டிடம் சொல்லக்கூடாது என்று பேனலில் இருப்பவர்களுக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். எனக்கு அப்படி மெயில் வந்தால் நான் பதில் போடுவதில்லை, ஹெச்.ஆருக்குத் தள்ளிவிடுகிறேன். கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் ஹெச்.ஆருக்கு ‘என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்’ என்று தோன்றும், அது உங்களுக்குத் தேவையில்லாத கீறல்.

உங்களோடு ஆரம்பத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கும் ரெக்ரூட்டருக்கு அனுப்புங்கள். இன்வைட்டை மட்டும் அனுப்பிய ஒருங்கிணைப்பாளர் தனியாக இருந்தால் அவரை சி.சி.யில் போடலாம். `no-reply` என்று தொடங்கும் முகவரிக்குப் பதில் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். இன்டர்வியூ அழைப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் கன்சல்டன்ட்டிடம்தான் கேட்க வேண்டும். அவர் அனுப்பிய ஆள் என்று உங்கள் பெயர் அந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கும். அவருடைய கமிஷன் அதில்தான் இருக்கிறது. நீங்கள் நேராக உள்ளே எழுதினால் இரண்டு பக்கமும் சங்கடம். கன்சல்டன்ட்டிடம் ‘எதாவது தெரிந்ததா?’ என்று கேட்காமல், ‘கிளையன்ட் பக்கம் யாரிடம், எந்தத் தேதியில் கடைசியாகக் கேட்டீர்கள்?’ என்று கேளுங்கள். கேட்கவே இல்லை என்றால் அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

சின்ன ஸ்டார்ட்-அப் என்றால் கதை வேறு. அங்கே ஹெச்.ஆரே இருக்கமாட்டார். உங்களை இன்டர்வியூ எடுத்த நிறுவனரே பழைய மெயில்களையும் எழுதியிருப்பார். அவருக்கே எழுதலாம்.

புது மெயிலா, பழைய மெயிலுக்கு ரிப்ளையா?

ரிப்ளை. இன்டர்வியூ தேதியை உறுதி செய்த அந்த மெயில் தொடரிலேயே போடுங்கள். அதில் பணியின் பெயர், சுற்றுகள், பேசியவர்கள் எல்லாம் கீழே கிடக்கும். ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல பணிகளுக்குப் பல பேரைப் பார்த்துக்கொண்டிருப்பவர். உங்கள் பெயரை வைத்து மட்டும் அவருக்கு நினைவு வராது. சப்ஜெக்ட்டை மாற்றாதீர்கள், மாற்றினால் ஜிமெயில் அதைப் புதுத் தொடராகப் பிரித்துவிடும். முன்பு எல்லாம் போனிலேயே நடந்தது, மெயில் தொடரே இல்லை என்றால் மட்டும் புது மெயில். அப்போது சப்ஜெக்ட்டில் பணியின் பெயர், பணி எண், உங்கள் பெயர், கடைசிச் சுற்றின் தேதி இருந்தால் போதும்.

நான் ஒரு டிராஃப்ட் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. ஒருவர் காட்டியதை இங்கே வைக்கிறேன். அடையாளம் தெரியாமல் பணி எண்ணை மாற்றியிருக்கிறேன். ஏழு வருட அனுபவம், பேக்கெண்ட் வேலை, மூன்று சுற்று முடிந்திருந்தது. மூன்றாவது சுற்று செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. ‘ஒரு வாரத்தில் சொல்கிறோம்’ என்று ரெக்ரூட்டர் சொல்லியிருக்கிறார். என்னிடம் காட்டியது செப்டம்பர் 22 இரவு. அசல் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழில் அதன் சாரம் இது:

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் பெருமைமிகு நிறுவனத்தின் நேர்காணலில் கலந்துகொண்டேன். இரண்டு வாரங்கள் ஆகியும் எனக்கு எந்தத் தகவலும் வரவில்லை. ஜாவா, கஃப்கா, போஸ்ட்கிரஸ் ஆகியவற்றில் எனக்கு ஏழு வருட அனுபவம் உள்ளது. இந்த வாய்ப்பு எனக்கு மிகவும் முக்கியம். சம்பள விஷயத்தில் விட்டுக்கொடுக்கவும் தயார். என் விண்ணப்பத்தைக் கனிவுடன் பரிசீலித்து விரைவில் நல்ல பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ரெக்ரூட்டரின் இடத்திலிருந்து படித்துப் பாருங்கள். எந்த வேலைக்கு, எந்தச் சுற்று, என்றைக்கு? தேடிப் பார்க்க வேண்டும். ரெக்ரூட்டரின் பெயர் தெரிந்தும் ‘ஐயா / அம்மா’ என்று போட்டால், நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பியது போலத் தோன்றும். ‘இரண்டு வாரங்கள் ஆகியும்’ என்பதில் அந்த ‘உம்’ இருக்கிறதே, அது குறை சொல்கிறது. எழுதும்போது நமக்குத் தெரியாது, படிப்பவருக்குத் தைக்கும். ஏழு வருட அனுபவம் ரெஸ்யூமேயில் இருக்கிறது, மூன்று சுற்றில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அதை இங்கே திரும்பச் சொன்னால் உங்களுக்கே நம்பிக்கை இல்லாதது போல் ஆகிறது. சம்பள வரி இருப்பதிலேயே மோசம். யாரும் கேட்காமலே விலையைக் குறைத்தாகிவிட்டது. நாளைக்கு ஆஃபர் வந்தால் இந்த மெயில் அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் இருக்கும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. இந்த மெயிலில் கேள்வியே இல்லை. ‘நல்ல பதில் தாருங்கள்’ என்பதற்கு ரெக்ரூட்டர் என்ன எழுதுவார்? நல்ல பதில் அவர் கையில் இல்லை. அதனால் மூடிவிட்டு அடுத்த மெயிலுக்குப் போவார்.

இரண்டு பேரும் உட்கார்ந்து இப்படி மாற்றினோம்:

> வணக்கம் (ரெக்ரூட்டர் பெயர்),
>
> சீனியர் பேக்கெண்ட் இன்ஜினியர் பணிக்கு (R-10482) என்னுடைய மூன்றாவது சுற்று, சிஸ்டம் டிசைன், செப்டம்பர் 9 அன்று முடிந்தது. ஒரு வாரத்தில் தகவல் கிடைக்கலாம் என்று அப்போது பேசினோம்.
>
> இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது? முடிவு இன்னும் வரவில்லை என்றால், எப்போது வரக்கூடும் என்று சொன்னாலும் போதும்.
>
> இந்தப் பணியில் எனக்கு ஆர்வம் இருக்கிறது. என் நோட்டீஸ் பீரியட் முன்பு சொன்ன 60 நாள்தான்.
>
> நன்றி,
> (பெயர், மொபைல் எண்)

முதல் பத்தியை ஃபார்வர்ட் செய்தால் என்னைப் போன்ற ஆளுக்கு உடனே விளங்கும்: ஓ, அந்த ஒன்பதாம் தேதி ஆள். ‘நீங்கள் சொன்னீர்கள்’ என்று எழுதாமல் ‘பேசினோம்’ என்று போட்டதால் தேதி நினைவூட்டப்படுகிறது, குற்றம் சாட்டப்படவில்லை. நடுவில் ஒரே கேள்வி, அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம். முடிவு தெரியாத நிலையிலும் பதில் சொல்ல ஒரு வழி விட்டிருக்கிறோம், ‘வெள்ளிக்கிழமைக்குள் தெரியும்’ என்று எழுதினால் அவருக்குக் கடமை முடிந்தது. நோட்டீஸ் பீரியட் வரி எதற்கு என்று அவர் கேட்டார். எப்போது சேர முடியும் என்பது இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பேசப்படும் விஷயம். ஃபார்வர்ட் ஆகிற மெயிலில் அது இருப்பது நல்லது.

செப்டம்பர் 23 காலை அனுப்பினார். மறுநாள் மாலை பதில் வந்தது: ஒருவரின் ஃபீட்பேக் பாக்கி, வாரம் முடிவதற்குள் சொல்கிறோம். வெள்ளிக்கிழமை மேனேஜர் ரவுண்டுக்கு அழைப்பு. அதில் அவர் தேறவில்லை, அது வேறு கதை.

ஆங்கிலத்தில் எழுதுவதுதான் எனக்குப் பயம். எங்காவது நல்ல மாதிரி இருந்தால் அப்படியே எடுத்துக்கலாமா?

மேலே உள்ள ஐந்தாறு வாக்கியத்தை நீங்கள் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் பேசும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். அது போதும். ‘ஹோப் திஸ் மெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்’, ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ இரண்டையும் எடுத்துவிட்டால் பாதி மெயில் சரியாகிவிடும். ‘எனி அப்டேட்?’ என்று இரண்டே சொல்லில் அனுப்புவது அதற்கு நேர் எதிர்க் கோடி. அதை யாரும் உள்ளே ஃபார்வர்ட் செய்ய முடியாது.

அழைப்பதைப் பொறுத்தவரை, அவர் உங்களுக்கு எப்படி எழுதினாரோ அப்படி. பெயர் சொல்லி எழுதினார் என்றால் பெயர். போனில் நீங்கள் ‘மேடம்’ என்று பேசிப் பழகியிருந்தால், மெயிலிலும் பெயரோடு அதைச் சேர்த்துக்கொள்வதில் ஒன்றும் தவறில்லை.

கையில் இன்னொரு ஆஃபர் இருக்கிறது, ஆனால் இந்தக் கம்பெனிதான் வேண்டும். அதை மெயிலில் சொன்னால் மிரட்டுவது போல ஆகிவிடாதா?

சொல்லும் விதத்தில் இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உள்ளே எதையும் வேகமாக நகர்த்துவது தேதி ஒன்றுதான். ‘ஆர்வமாக இருக்கிறேன்’ என்று பத்து முறை எழுதினாலும் என் ஃபீட்பேக்கை அது வரிசையில் முன்னால் கொண்டு வராது. ‘30-ம் தேதிக்குள் நான் வேறு இடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்’ என்ற வரி கொண்டு வரும்.

எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்பதை எழுத வேண்டாம். இப்படிப் போதும்:

> எனக்கு இன்னொரு ஆஃபர் வந்திருக்கிறது, செப்டம்பர் 30-க்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பணிக்குத்தான் என் முதல் விருப்பம். அதனால் 24-ம் தேதிக்குள் நிலவரம் தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

24 என்று போட்டதற்குக் காரணம் உண்டு. பேனல் ‘சரி’ என்று சொன்ன மறு நிமிடம் ஆஃபர் லெட்டர் வராது. பேனல் கூட வேண்டும், சம்பளத்துக்கு மேலிருந்து அப்ரூவல் வர வேண்டும், பிறகு உங்களோடு பேச வேண்டும். நான் பார்த்த இடங்களில் இது முடிய நாலைந்து வேலை நாள் ஆகிறது. அதனால் கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது இந்த வரியை எழுதுவதில் அர்த்தம் இல்லை. அந்த நிலையில் மெயில் வேண்டாம், போனை எடுங்கள். கூடவே ஆஃபர் தந்த இடத்திலும் மூன்று நாள் அவகாசம் கேட்டுப் பாருங்கள்.

இல்லாத ஆஃபரை இருப்பதாக எழுதாதீர்கள். நெறி ஒருபுறம் இருக்கட்டும், நம் ஊரில் ‘அந்த ஆஃபர் லெட்டரை அனுப்புங்கள்’ என்று ஹெச்.ஆர். சாதாரணமாகக் கேட்பார். அனுப்ப முடியாது என்றால் அதோடு முடிந்தது. உண்மையான ஆஃபர் இருந்தும் பிரதியைக் காட்ட விருப்பமில்லை என்றால், அது ரகசியமானது என்று சொல்லி மறுக்கலாம். அதில் தப்பில்லை.

ஏற்கெனவே ராஜினாமா கொடுத்து நோட்டீஸில் இருப்பவர்களுக்கு ஆஃபர் இல்லாமலே ஒரு நல்ல தேதி கையில் இருக்கிறது: கடைசி வேலை நாள். ‘என் கடைசி வேலை நாள் அக்டோபர் 17’ என்று எழுதினால், மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய ஆட்களுக்கு நடுவில் உடனே சேரக்கூடியவர் என்று தெரியும். ரெக்ரூட்டருக்கு அது இனிக்கும் செய்தி.

இன்டர்வியூவில் ஒரு கேள்விக்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து சரியாகப் போட்டுப் பார்த்தேன். இந்த மெயிலில் சேர்த்துவிடட்டுமா?

வேண்டாம். அன்று இரவே அனுப்பியிருந்தால் ஃபீட்பேக் எழுதுவதற்குள் கண்ணில் பட்டிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து அனுப்பினால், நான் மறந்துபோன அந்தத் தப்பை நீங்களே நினைவுபடுத்தியதாக ஆகும்.

போர்ட்டலில் இன்னும் `Under Consideration` என்றே இருக்கிறது. அப்போ நம்பிக்கை இருக்கா?

அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. Workday போன்ற தளங்களில் அந்த வாசகங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறது. ரெக்ரூட்டர் உள்ளே போய் உங்களை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினால்தான் வெளியே மாறும். வேறு ஆள் சேர்ந்து வேலையும் தொடங்கிய பிறகு, பழைய விண்ணப்பங்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. அதே வேலை மறுபடியும் விளம்பரத்தில் வந்திருக்கிறதே என்று பதறவும் வேண்டாம். ஒரே பணிக்கு நாலு இடம் இருக்கலாம், அல்லது விளம்பரம் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் கேட்டால் சீக்கிரம் பதில் வருமே?

அவர் உங்களோடு வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் கேட்கலாம். ஆனால் முதலில் மெயில், பிறகு ‘மெயில் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்’ என்று ஒரே வரி. வாட்ஸ்அப் செய்தியை அவர் உள்ளே யாருக்கும் அனுப்பமாட்டார். மெயிலைத்தான் அனுப்புவார். நீல டிக் வந்தும் பதில் வரவில்லை என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேதனையும் மிச்சம்.

‘ஸ்டில் இன் ப்ராசஸ், வில் கெட் பேக்’ என்று பதில் வந்தது. இதற்கு என்ன அர்த்தம்?

தேதி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘வியாழக்கிழமைக்குள்’ என்று இருந்தால் பெரும்பாலும் ஃபீட்பேக்தான் பாக்கி. ‘ஃபீட்பேக் நன்றாக இருக்கிறது, அப்ரூவலுக்காகக் காத்திருக்கிறோம்’ என்றால் நீங்கள் தேறிவிட்டீர்கள், பணம் கையெழுத்தாக வேண்டும். அது ஒரு வாரத்திலும் நடக்கும், நடக்காமலும் போகும். ‘இன்னும் சிலரை இன்டர்வியூ செய்துகொண்டிருக்கிறோம்’ என்றால் நீங்கள் கையிருப்பில் இருக்கிறீர்கள், அவர்கள் இன்னும் நல்ல ஆள் தேடுகிறார்கள். தேதியே இல்லாமல் ‘கெட் பேக்’ என்று மட்டும் இருந்தால் அவருக்கே ஒன்றும் தெரியாது.

எதுவானாலும் ‘நன்றி, சரி’ என்று ஒரு வரி போட்டு நிறுத்துங்கள். தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதியைத் திருப்பிச் சொல்லி, ‘அதற்குள் தெரியவில்லை என்றால் திங்கள்கிழமை ஒருமுறை கேட்கிறேன்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மெயிலுக்கு அனுமதி வாங்கிவிட்ட மாதிரி.

மெயிலும் போட்டாச்சு. அதற்கும் பதில் இல்லை. இன்னும் எத்தனை தடவை?

இன்னும் ஒரு தடவை, ஐந்து முதல் ஏழு வேலை நாள் கழித்து. அதற்கு முன் இரண்டு விஷயம் சரிபாருங்கள். ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ஆள்சேர்ப்பு மென்பொருளிலிருந்து வரும் தானியங்கி மெயில்கள் அங்கே போய் விழும். அடுத்து, அந்த ரெக்ரூட்டர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாரா என்று லிங்க்ட்-இன்னில் பாருங்கள். ரெக்ரூட்டர்களில் பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், நடுவில் மாறுவார்கள். மாறியிருந்தால், உங்கள் பெயர் யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம். இன்வைட் அனுப்பிய ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, ‘இப்போது இந்தப் பணியைப் பார்ப்பது யார்?’ என்று கேளுங்கள். இந்த ஒரு நிலையில், இரண்டாவது மெயில் முதலாவதை விட அதிகம் பலன் தரும்.

ஆள் அங்கேயே இருக்கிறார், பதில்தான் இல்லை என்றால் அதே தொடரில்:

> வணக்கம் (பெயர்), R-10482 பற்றிச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். வேறு ஒருவரை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள், நான் அதற்கேற்றபடி திட்டமிட்டுக்கொள்கிறேன். பணி இன்னும் திறந்திருந்தால் எனக்கு ஆர்வம் இருக்கிறது. நன்றி.

‘இல்லை’ என்று சொல்வது பலருக்குக் கஷ்டம். அதை நாமே எளிதாக்கிக் கொடுத்தால் சிலர் சொல்லிவிடுவார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது வேண்டாம். நானும் மூன்றாவது மெயில் எழுதிய காலம் உண்டு. ஒருமுறை எட்டு மாதம் கழித்து அதே நிறுவனத்திலிருந்து வேறு பணிக்குக் கூப்பிட்டார்கள். அந்த மெயில் தொடரிலேயே ரிப்ளை போட்டுக் கூப்பிட்டார்கள். மேலே ஸ்க்ரோல் செய்து என் மூன்றாவது மெயிலைப் படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.

ரிஜெக்ட் என்று பதில் வந்தால் காரணம் கேட்கலாமா?

கேட்கலாம். ‘எந்தச் சுற்றில் குறை இருந்தது என்று மட்டும் சொல்ல முடியுமா?’ என்று கேளுங்கள். ‘ஏன் எடுக்கவில்லை?’ என்று கேட்டால், சட்டச் சிக்கலுக்குப் பயந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள். சுற்றின் பெயரைச் சொல்வதில் யாருக்கும் பயம் இல்லை. ‘சிஸ்டம் டிசைன்’ என்று ஒரு சொல் வந்தாலும் அடுத்த இன்டர்வியூவுக்கு எதைப் படிப்பது என்று தெரிந்துவிடும்.